யாரோட ஆளு நீங்க?

ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் நம்மைச் சரக்காக நினைக்கும், அதை மறைக்கவும் மறைக்காது. இன்னொரு ரகமும் சரக்காகத்தான் நினைக்கும், ஆனால் "அக்கா, அக்கா" என்று உருகும். லைனக்காவுக்கு வாய்த்த ஒருவன் இரண்டாவது ரகம். அவனுக்கு அவள் வைத்த பெயர் சர்க்கரை.

லைனக்கா என்பதும் வைத்த பெயர்தான். ஷாம்பூ பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் பேக்கிங் லைனைக் கட்டி மேய்த்தவள் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் லைனக்கா. பாட்டில் சரிந்தாலும் லேபிள் கோணலானாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. லைன் முழுக்க அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டது, ஆனால் அவள் கழுத்தில் கடைசிவரை தொங்கியது பச்சை நாடா. கம்பெனி ஆட்களுக்கு நீல நாடா, ஏஜென்சி ஆட்களுக்குப் பச்சை. பச்சை நாடாக்காரி லீவு கேட்டால் ஏஜென்சியைக் கேட்கச் சொல்வார்கள், ஏஜென்சியைக் கேட்டால் கம்பெனியைக் கேட்கச் சொல்வார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா என்று வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அங்கும் அதற்கு முந்தைய தொழிற்சாலைகளிலும் இப்படியே ஒரு ஆயுளில் பாதியை ஓட்டினாள். போன மாதம் அந்த லைனையே இழுத்து மூடினார்கள். நீல நாடாக்களுக்கு வேறு கிளையில் இடம் கிடைத்தது, பச்சை நாடாக்களுக்கு ஒரு கைகுலுக்கல் கிடைத்தது.

அன்று வீட்டுக்கு வந்து நாடாவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கணவரிடம் ஒன்று சொன்னாள். இனி எந்த வேலைக்குப் போனாலும் கம்பெனி ரோலில், அதன் நேரடிச் சம்பளப் பட்டியலில்தான் போவேன், பச்சைக் கயிற்றை இன்னொரு முறை கழுத்தில் மாட்ட மாட்டேன் என்றாள். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். குழந்தைகளை ஏற்றிப் பழகியதால் எதிலும் மெதுவாகத்தான் பிரேக்கை எடுப்பார். "பாத்துக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு 'எனக்குப் பயமா இருக்கு' என்று பொருள்.

சர்க்கரை தானாகவே போன் செய்தான். அவள் பயோடேட்டாவை ஏதோ வேலைவாய்ப்பு இணையதளத்தில் பார்த்தானாம், பார்த்ததும் அசந்துவிட்டானாம். உங்களை மாதிரி ஆளைத்தான் ஊரெல்லாம் தேடுகிறார்கள் என்றான். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு இந்த மாதிரிப் பேச்சு எவ்வளவு இதமாக இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பழைய சம்பளம் கேட்டான், சொன்னாள். பயோடேட்டாவைத் திருத்தக்கூடிய ஃபைலாக அனுப்பச் சொன்னான், எங்கள் லோகோ போட வேண்டும் என்றான், அனுப்பினாள். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் நம்பர் வேண்டும், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றான். பழைய மேனேஜரின் நம்பரைக் கொடுத்தாள். கடைசியாக, எதுவுமே இல்லாத மாதிரி, "வேற எங்கெல்லாம் டிரை பண்றீங்கக்கா? தெரிஞ்சாத்தானே ஒரே எடத்துக்கு ரெண்டு தடவ உங்க பேரு போகாம நான் பாத்துக்க முடியும்" என்றான்.

எவ்வளவு நியாயமான கேள்வி. அவள் அதையும் சொன்னாள். புறவழிச்சாலையோரம் உள்ள மருந்துத் தொழிற்சாலையில் சிரப் பாட்டில் லைனுக்கு சூப்பர்வைசர் தேடுகிறார்கள், பகல் ஷிப்ட், கம்பெனி ரோல், வேறொரு ஏஜென்சி மூலமாகப் பேர் போயிருக்கிறது, அடுத்த வாரம் இண்டர்வியூ என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். "சூப்பர்க்கா, ஆல் த பெஸ்ட்" என்று சர்க்கரை மனதார வாழ்த்தினான். நல்ல பையன் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். இந்த இடத்தில் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. தேனொழுகப் பேசுபவனிடம் வாயைப் பூட்டிக்கொள்ளும் புத்தி முதல் அடி வாங்கிய பிறகுதான் யாருக்கும் வருகிறது.

அந்த வேறொரு ஏஜென்சிக்காரிக்குக் கறாரம்மா என்று பெயர் வைத்திருந்தாள். பேச்சில் ஒரு சொட்டு இனிப்பு கிடையாது. முதல் நாளே கம்பெனியின் பெயரைச் சொல்லி, வேலை என்னவென்று சொல்லி, "இந்தக் கம்பெனிக்கு, இந்த வேலைக்கு மட்டும் என் பேர நீங்க அனுப்பலாம்னு ஒரு மெயில் போடுங்க. அது வராம நான் அனுப்ப மாட்டேன்" என்றாள். என்னடா இது, அரசாங்க ஆபீஸ் மாதிரி என்று லைனக்காவுக்கு அப்போது சலிப்பாக இருந்தது. இருந்தாலும் போட்டாள்.

முதல் அடி இரண்டு நாளில் விழுந்தது. பழைய மேனேஜர் கூப்பிட்டார். "என்னம்மா, உன் பேரச் சொல்லி ஒருத்தன் எனக்கு போன் பண்றான். உன்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. எனக்கு ஆளு வேணுமா, சப்ளை பண்ணட்டுமான்னு தொணதொணன்னு உயிர எடுக்கறான்" என்றார். அவளுக்குக் காது சூடேறியது. ஃபார்மாலிட்டி என்று வாங்கிய நம்பர் அவன் வியாபாரத்துக்கு வாடிக்கையாளர் பிடிக்கும் தூண்டிலாகியிருந்தது. மன்னிப்புக் கேட்டாள். மேனேஜர் சிரித்துவிட்டார், அவருக்கு இது பழகியதுதான் போலிருக்கிறது.

இரண்டாவது அடி மறுநாள் வந்தது, அதுதான் பெரிய அடி. கறாரம்மா போன் செய்து, நலம் விசாரிக்காமல், நேராக விஷயத்துக்கு வந்தாள். மருந்துத் தொழிற்சாலைக்கு லைனக்காவின் பெயர் இன்னொரு ஏஜென்சி மூலமாகவும் போயிருக்கிறது, ஹெச்.ஆர். கோப்பை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்றாள். லைனக்காவுக்குப் புரியவில்லை. இரண்டு பேர் சிபாரிசு செய்தால் நல்லதுதானே என்று கேட்டாள்.

கறாரம்மா பெருமூச்சு விட்டு விளக்கினாள். ஆளை எடுத்தால் கம்பெனிதான் ஏஜென்சிக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். ஒரே ஆளை இரண்டு ஏஜென்சி காட்டினால், நான்தான் கொண்டுவந்தேன், எனக்குத்தான் கமிஷன் என்று இருவரும் சட்டையைப் பிடிப்பார்கள். அந்தத் தலைவலி எதற்கு என்று பல கம்பெனிகள் ஆளையே கழற்றிவிடும். வேலைக்கு ஆளா பஞ்சம்? "நீங்க வேற யாருக்காவது சம்மதம் குடுத்தீங்களா? உள்ளதச் சொல்லுங்க" என்றாள். சம்மதம் கொடுக்கவில்லை, ஆனால் கம்பெனியின் பெயரை வாயைத் திறந்து சொன்னேன் என்று லைனக்கா ஒப்புக்கொண்டாள். 

பகல் ஷிப்ட், கம்பெனி ரோல், நீல நாடா எல்லாம் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தன. அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது கோபம். இவ்வளவு காலம் அடக்கி அடக்கி வைத்த கோபமும் கூடச் சேர்ந்து வந்தது. ஸ்பீக்கரில் வைத்துச் சர்க்கரைக்குப் போன் போட்டாள்.

சர்க்கரை மறுக்கவில்லை. "அக்கா, உங்க நல்லதுக்குத்தான். அந்தம்மா சின்ன ஏஜென்சி. எங்களுக்கு அங்க உள்ளேயே ஆளிருக்கு" என்றான். பிறகு ஒரு வழி சொன்னான். எங்கள் ஏஜென்சிக்குத்தான் சம்மதம் என்று ஒரு மெயில், கறாரம்மாவுக்குப் போட்டதற்கு முந்தைய தேதியைப் போட்டு, ஒரே வரி எழுதிவிடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். வர்ற திங்கட்கிழமையே உங்களை எங்கள் கான்ட்ராக்டில் அங்கே உட்கார வைக்கிறேன் என்று ஆசையும் காட்டினான். கான்ட்ராக்டா, அது கம்பெனி ரோல் வேலை ஆச்சே என்று அவள் கேட்டதும் அவன் குரலில் இருந்த இனிப்பு கொஞ்சம் வற்றியது.

"மொதல்ல உள்ள போங்கக்கா, ரோலெல்லாம் அப்புறம். இல்லேன்னா ரெண்டு பேரும் சண்ட போட்டு உங்க பேரு கெட்டுப் போகும். இந்த ஏரியாவுல எல்லா ஹெச்.ஆரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. பாத்துக்குங்க."

அவள் போனை வைத்தாள்.

கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கை காயக் காய உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் திங்கட்கிழமை என்ற சொல் பிடித்துவிட்டது. கையில் வந்து விழுவதை ஏன் தட்டிவிடுகிறாய், ஒரு வரிதானே, யார் தேதியைப் பார்க்கப் போகிறார்கள் என்றார். அவனைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு எந்தக் கதவு திறக்கும் என்றும் கேட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை பாவம். வீட்டில் ஒரே சம்பளம் என்றாகி அவருக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது.

"அவன் மெரட்டும்போதே தெரியலையா?" என்றாள் அவள். "எம் மெயில் இல்லாம அவனால ஒண்ணும் பண்ண முடியாது. பண்ண முடியும்னா என்னைக் கேட்டிருக்கவே மாட்டான். இத்தன வருஷமா என்னை யார் யாரோ அனுப்பினாங்க, யார் யாரோ வாங்கினாங்க. எனக்கு எங்க போறோம்னுகூடக் கடைசியிலதான் சொல்வாங்க. இந்தத் தடவ நான் போற எடத்துக்கு நான்தான் போவேன். வேல போனாலும் பரவால்ல."

கடைசி வாக்கியம் பொய். வேலை போனால் அவள் உடைந்துபோவாள், அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் போன் சார்ஜரைத் தேடி எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். அவரால் முடிந்த ஆதரவு அது.

அவள் இரண்டு மெயில் எழுதினாள். முதலாவது சர்க்கரைக்கு. எந்தக் கம்பெனிக்கும் என் பெயரை அனுப்ப உங்களுக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை, மருந்துத் தொழிற்சாலைக்கு அனுப்பியதை உடனே திரும்பப் பெறுங்கள், என் பயோடேட்டாவையும் நான் கொடுத்த நம்பர்களையும் உங்களிடமிருந்து அழித்துவிட்டுப் பதில் போடுங்கள் என்று எழுதினாள். அக்கா தம்பி உறவெல்லாம் அதில் இல்லை. இரண்டாவது தொழிற்சாலையின் ஹெச்.ஆருக்கு. இந்த வேலைக்கு நான் சம்மதம் கொடுத்தது ஒரே ஒரு ஏஜென்சிக்கு, அந்த மெயிலை இத்துடன் இணைத்திருக்கிறேன், மற்றது என்னைக் கேட்காமல் அனுப்பியது, கமிஷன் பற்றிய கேள்வி எழுந்தால் இதையே என் எழுத்து மூலமான வாக்குமூலமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினாள்.

இந்த இரண்டாவதை அனுப்புமுன் கறாரம்மாவுக்குக் காட்டினாள், பார்த்ததும் அவள் முகம் சுளித்தது போனிலேயே தெரிந்தது. கிளையண்டுக்கு ஆட்கள் நேராக எழுதுவது எங்கள் வழக்கமில்லை, என்னிடம் கொடுங்கள், நான் என் முறையில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். லைனக்கா அதற்கும் பிடி கொடுக்கவில்லை. உங்கள் மூலமாகவே போகட்டும், ஆனால் ஒரு எழுத்து மாறாமல் போக வேண்டும், எனக்கு நகல் வர வேண்டும் என்றாள். உங்கள் பேருக்கு வந்த சண்டையை நீங்கள் பேசுங்கள், என் பேருக்கு வந்ததை நான்தான் பேசுவேன் என்றும் சொன்னாள். கறாரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். நகலும் வந்தது.

அதன்பிறகு நாட்கள் நகர மறுத்தன. சர்க்கரை பதில் போடவில்லை, தொழிற்சாலையும் மூச்சு விடவில்லை. கணவர் தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பார், பார்த்ததும் திரும்பிக்கொள்வார். எல்லா ஹெச்.ஆரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க என்ற வாக்கியம் அவள் தலைக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பாத்திரம் விளக்கும்போது, ஒரு வரி எழுதிக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக் கரண்டியை நங்கென்று போட்டாள்.

வார இறுதியில் இண்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது.

மருந்துத் தொழிற்சாலையின் அறை குளிராக இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பழுப்பு நிறச் சிரப் பாட்டில்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. மூடி போடும் இடத்தில் லைன் கொஞ்சம் திக்கியதை உட்காரும்போதே அவள் கவனித்துவிட்டாள். எதிரே இருவர் இருந்தார்கள், ஹெச்.ஆர். அதிகாரி ஒருவர், புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர். ஹெச்.ஆர். அதிகாரி சிடுசிடுப்பாகத் தொடங்கினார்.

"ரெண்டு ஏஜென்சி எங்கள நோண்டி எடுக்கறாங்க. மொதல்ல இதச் சொல்லுங்க. யாரோட ஆளு நீங்க?"

இந்தக் கேள்வியை அவள் வாழ்நாளில் எத்தனை வாசல்களில் கேட்டிருப்பாள். இவ்வளவு காலமும் ஏதாவது ஒரு ஏஜென்சியின் பெயரைச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருக்கிறாள். இன்று வாய் அந்தப் பழக்கத்துக்குப் போக மறுத்தது.

"நான் யாரோட ஆளும் இல்ல சார். என்னை உங்களுக்குக் காட்டறதுக்கு ஒருத்தருக்கு அனுமதி குடுத்தேன், அவ்வளவுதான். அது யாருன்னு எழுதியே அனுப்பியிருக்கேன்."

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். பக்கத்தில் இருந்த புரொடக்‌ஷன் மேனேஜருக்கோ கமிஷன் சண்டையில் அக்கறையே இல்லை. அவர் முன்னால் இரண்டு பயோடேட்டா கிடந்தது. இரண்டையும் அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றில் லோகோ பளபளத்தது. அதில் அவள் போன் நம்பர் இல்லை, சர்க்கரையின் நம்பர் இருந்தது. அது மட்டுமில்லை, மாத்திரை அட்டை அடிக்கும் பிளிஸ்டர் மெஷினில் அவள் கரைகண்டவள் என்று ஒரு வரியும் முளைத்திருந்தது. தொழிற்சாலையில் என்னென்ன மெஷின் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சர்க்கரை தூவியிருக்கிறான்.

"இதுல பிளிஸ்டர் தெரியும்னு இருக்கு, அதுல இல்ல. எது நெஜம்?" என்றார் மேனேஜர்.

தெரியும் என்று சொன்னால் மதிப்புக் கூடும் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. "பிளிஸ்டர் மெஷின நான் தொட்டதே இல்ல. எனக்குத் தெரிஞ்சது பாட்டில் லைன். இல்லாததெல்லாம் எழுதின பேப்பர் நான் குடுத்தது இல்ல" என்றாள். மேனேஜர் லோகோ போட்ட காகிதத்தை எடுத்து, மடித்து, ஹெச்.ஆர். அதிகாரியிடம் நீட்டினார். போன மாதம் இதே லோகோவோடு வந்த ஒருவன், எல்லாம் தெரியும் என்று சொல்லி மெஷினை ஒரு ஷிப்ட் முழுக்க நிறுத்திவிட்டுப் போனான் என்று அவரிடம் அலுத்துக்கொண்டார். அப்புறம் வேலையைப் பற்றிப் பேசினார்கள். கிளம்புமுன் இந்த இடம் கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா என்று அவளே நேராகக் கேட்டாள். கம்பெனி ரோலுக்குத்தான் அனுமதி வாங்கியிருக்கிறோம் என்றார் அதிகாரி. அந்தப் பதிலோடு வெளியே வந்தாள்.

நல்லவேளை கேட்டாள். மறுநாள் கறாரம்மா கூப்பிட்டு, உங்களைத் தேர்வு செய்துவிட்டார்கள் என்றாள், கூடவே ஒரு வாலையும் ஒட்டினாள். முதலில் கொஞ்ச காலம் எங்கள் ரோலில் இருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம், இன்றைக்குள் சரி சொன்னால் நல்லது, அவர்கள் அவசரப்படுகிறார்கள் என்றாள். லைனக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறாரம்மா ஏமாற்றுக்காரி இல்லை. ஆனால் ஆளை ஒரேயடியாகக் கொடுத்தால் ஒருமுறை கமிஷன், தன் ரோலில் வைத்துக்கொண்டால் மாதாமாதம் ஒரு பங்கு. கறாராக இருப்பவளுக்கும் வயிறு உண்டு.

"மேடம், நீங்க எனக்கு நேர்மையா நடந்துகிட்டீங்க, அதுக்கு மரியாத இருக்கு," என்றாள் லைனக்கா. "ஆனா எடம் கம்பெனி ரோல்னு அவங்களே எங்கிட்ட சொன்னாங்க. அதுக்கு லெட்டர் வந்தா இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். பச்சக் கயிறுன்னா எனக்கு வேணாம். அவங்ககிட்ட நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?"

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கறாரம்மாவே கேட்டாள். கம்பெனி லெட்டர் வந்தது. அவளுக்கு அவள் கமிஷனும் போய்ச் சேர்ந்திருக்கும், நன்றாக இருக்கட்டும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், கழுத்தில் இங்கேயும் கம்பெனி ஆட்களுக்கே உரிய நீல நாடாவோடு லைன் ஓரம் நின்றிருந்தபோது சர்க்கரையிடமிருந்து போன் வந்தது. வெட்கம் என்பது அவன் பக்கம் எட்டியே பார்த்ததில்லை. வாழ்த்துக்கள்க்கா என்றான், பழசை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான். இப்போது நீங்கள் சூப்பர்வைசர் ஆயிற்றே, லைனுக்கு ஆள் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாளைக்கே அனுப்பி வைக்கிறேன் என்றான்.

"அனுப்புங்க," என்றாள் அவள். "ஆனா அனுப்பறதுக்கு முன்னால எந்தக் கம்பெனி, என்ன வேல, எந்த ரோல்னு அவங்ககிட்ட சொல்லி, எழுத்துல சம்மதம் வாங்குங்க. ஏன்னா இங்க வர்ற ஒவ்வொருத்தரையும் நான் மொதல்ல அதத்தான் கேப்பேன். ஒருத்தர் தெரியாதுன்னு சொன்னாலும், உங்க பேப்பர் ஒண்ணுகூட இந்த வாசலத் தாண்டாது. எல்லா ஹெச்.ஆரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

போனை வைத்துவிட்டு லைனைப் பார்த்தாள். மூடி போடும் இடத்தில் பச்சை நாடா போட்ட ஒரு புதுப் பெண் திணறிக்கொண்டிருந்தாள். முன்பிருந்த சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நிற்பவர்களை "ஏய் ஏஜென்சி" என்றுதான் கூப்பிடுவாராம். லைனக்கா அருகில் போனதும் அந்தப் பெண் பயந்துபோய், கேட்காமலேயே தன் ஏஜென்சியின் பெயரைச் சொன்னாள்.

"அது இருக்கட்டும்," என்றாள் லைனக்கா. "உம் பேரு என்ன?"